வெள்ளை அடித்தும் இருட்டாகவே நின்ற அறை

கேள்வி: திருகோணமலையில் எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை, பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. ஒரே யன்னல், அதுவும் வடக்குப் பக்கம். பளிச்சென்று வெள்ளை அடித்தால் சரியாகுமா, வேறு நிறம் நல்லதா?

நான் ஒரு ஹாட்வெயார் கடையில் பெயின்ற் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் எட்டு வருடம் நின்றவன். "இருட்டு அறைக்கு வெள்ளை" என்று எத்தனையோ பேருக்கு நானே வாளி தூக்கிக் கொடுத்திருக்கிறேன். உப்புவெளியில் என் சொந்த அறைக்கு அடித்த பிறகுதான் அந்த ஆலோசனையின் லட்சணம் தெரிந்தது.

அறை பத்தடிக்கு ஒன்பதடி. யன்னலுக்கு நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டு மதில். பழைய சிவப்புச் சீமெந்துத் தரை. இருந்த பச்சை நிறத்தை மூடிக் கடையில் இருந்ததிலேயே தூய வெள்ளையை இரண்டு தரம் அடித்தேன். அன்றைக்கு ஈரத்தில் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் மூலைகள் எல்லாம் சாம்பல். யன்னல் பக்கம் இலேசான பாசிப் பச்சை, தரையை ஒட்டி ஒரு ரோஸ் சாயல். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கடா" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

காரணம் இதுதான். பெயின்ற் வெளிச்சத்தை உண்டாக்காது, உள்ளே வந்ததைத் திருப்பி அனுப்பும், அவ்வளவே. வெள்ளைக்குச் சொந்த நிறம் இல்லாததால் வந்த வெளிச்சம் என்ன நிறமோ அதையே காட்டும். என் அறைக்குள் வானம் நேராக வரவில்லை. பாசி பிடித்த மதிலில் பட்டுத் தெறித்ததுதான் வந்தது. அது சிவப்புத் தரையில் விழுந்து மறுபடி சுவருக்கு ஏறியது. நான் அடித்த வெள்ளை இந்த இரண்டையும் அப்படியே காட்டிக் கொடுத்தது. போதாததற்கு, மிகத் தூய வெள்ளை என்று விற்பவற்றில் பெரும்பாலும் ஒரு நீலச் சாயலும் இருக்கும். வெயில் விழும் விறாந்தையில் அது பளிச்சிடும். நிழலில் சாம்பல்தான்.

வடக்குப் பக்கம் என்று கவலைப்படுகிறீர்கள். வடக்கு அறை என்றால் எப்போதும் குளிர்ந்த நீல வெளிச்சம் என்று இணையத்தில் எழுதுவது ஐரோப்பாக்காரருக்குப் பொருந்தும். நமக்கு ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஆனால் கிட்டத்தட்ட உச்சியில் நிற்பதால் தாழ்வாரம் அதை மறைத்துவிடும், யன்னலுக்குள் விழாது. ஆகவே திசையைவிட யன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இனி நிறத்துக்கு வருவோம். நிற அட்டையின் பின்னாலோ கம்பனியின் பட்டியலிலோ எல்.ஆர்.வி. என்று ஒரு எண் இருக்கும். படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பி வருகிறது என்பது அதன் அர்த்தம். கறுப்பு 0 பக்கம், தூய வெள்ளை 90 பக்கம். சின்ன அறையில் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருப்பதால் இந்த எண் பெருகிப் பெருகி வேலை செய்யும். 85 உள்ள சுவரில் மூன்று தரம் தெறித்தால் நூறில் 61 மிஞ்சும். 60 உள்ள சுவரில் 22தான் மிஞ்சும். "லைட் கலர்தானே" என்று எடுக்கும் இளநீலமும் இளம்பச்சையும் பல நேரம் அந்த 60 பக்கம்தான் இருக்கும். அதனால் 75க்குக் கீழே போகாதீர்கள்.

இதே தாவலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒவ்வொரு தெறிப்பிலும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அட்டையில் மெல்லிய கிறீமாக இருந்தது நாலு சுவரிலும் அடித்த பிறகு கஸ்ரட் மஞ்சளாகி நிற்கும். கடைக்குத் திரும்பி வந்து "வேறு நிறம் கலந்து தந்துவிட்டீர்கள்" என்று சண்டை பிடிப்பவர்களில் பாதிப் பேரின் கதை இது. மனதுக்குப் பிடித்ததை விட்டு, அதே வரிசையில் ஒரு படி, முடிந்தால் இரண்டு படி வெளிறியதை எடுங்கள்.

இரண்டாம் முறை நான் அவசரப்படவில்லை. மூன்று காட்போட் மட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டடிக்கு இரண்டடி. மெல்லிய மஞ்சள் கலந்த வெள்ளை, பீச் கலந்த வெள்ளை, சாம்பல் கலந்த வெள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூச்சு. அவற்றை யன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் யன்னல் இருக்கும் சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்துக் காலை, பின்னேரம், இரவு என்று இரண்டு நாள் பார்த்தேன். சுவரிலேயே திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்காதீர்கள், பழைய நிறம் பக்கத்தில் நின்று கண்ணை ஏமாற்றும். சாம்பல் கலந்தது முதல் நாளே தோற்றது. பீச், சிவப்புத் தரையோடு சேர்ந்து அப்பட்டமான ரோஸாகிவிட்டது. தரை சிமெந்துச் சாம்பலாக இருந்திருந்தால் அது வென்றிருக்கக் கூடும். மஞ்சள் கலந்த வெள்ளை மட்டும் மதிலின் பச்சையையும் தரையின் சிவப்பையும் அடக்கிக்கொண்டு சாதாரணமாக நின்றது. அதன் எண் 80க்குக் கிட்ட.

நாலு சுவருக்கும் அதையே அடித்தேன். கதவு, யன்னல் கழித்து ஏறக்குறைய 300 சதுர அடி. லீற்றருக்குச் சுமார் 120 சதுர அடி என்று வைத்தால் இரண்டு பூச்சுக்கு ஐந்து லீற்றர், அதாவது ஒரு நாலு லீற்றர் வாளியும் ஒரு லீற்றர் டின்னும். சீலிங்குக்கு மினுக்கமில்லாத வெள்ளை. யன்னலைச் சுற்றிச் சுவரின் தடிப்புத் தெரியும் உள் ஓரங்களுக்கும் வெள்ளைதான், வெளிச்சம் முதலில் உரசிக்கொண்டு வரும் இடம் அது. யன்னல் உள்ள சுவர்தான் கண்ணுக்கு ஆக இருட்டாகத் தெரியும். அதனால் "ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம்" என்று ஆசை இருந்தால் அங்கே மட்டும் வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றையும்விட வித்தியாசம் காட்டியது அறைக்கு வெளியே. பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டு, மதிலின் எங்கள் பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். மூன்று நாள் காயவிட்டு வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளையை இரண்டு பூச்சு அடித்தேன். "என்ர மதிலுக்கு உன்ர காசில பெயின்ற் எண்டால் எனக்கென்ன தம்பி, அடியுமன்" என்றார். அன்று பின்னேரம் லைட் போடாமல் புத்தகம் வாசித்தேன். அந்த மதில்தான் உங்கள் வானம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பச் செய்வதென்றால் முதலில் மதில், அதன் பிறகே மட்டை. மாரி மழையில் பாசி திரும்பவும் பிடிக்கும். மாசி, பங்குனியில் ஒரு தரம் கழுவிவிட வேண்டும்.

சிவப்புத் தரையின் மேல் யன்னலடியில் ஒரு பன்பாய் விரித்திருக்கிறேன். ரோஸ் சாயலில் மிச்சமிருந்ததும் போய்விட்டது.

அப்புறம் பல்ப். இங்கே கடைகளில் அதிகம் கிடைப்பது 6500 கெல்வின் என்று போட்ட நீல வெள்ளை பல்ப்தான். அதன் கீழ் மஞ்சள் கலந்த வெள்ளை இலேசாகப் பச்சையடித்துத் தெரியும். பெட்டியைத் திருப்பி 4000 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், இரவு மட்டைச் சோதனையையும் அந்த பல்ப்பைப் போட்டே செய்யுங்கள்.