17(ஆ) விசாரணை: சான்று அட்டவணையை எப்படிப் போடுவது?

அரசு ஊழியர் ஒருவர் மீதான 17(ஆ) ஒழுங்கு நடவடிக்கையில் முதல் முறையாக என்னை விசாரணை அலுவலராகப் போட்டிருக்கிறார்கள். குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று, ஆவணம் பன்னிரண்டு. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆவணத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். குற்றச்சாட்டு வாக்கியத்தை உடையுங்கள். உதாரணத்துக்கு, "பண்டகக் காப்பாளர் 40 மூட்டை சிமெண்டை வேலையிடத்துக்கு அனுப்பியதாகப் பொய்யாக எழுதினார்" என்று வைத்துக்கொள்வோம். இதில் மூன்று கூறு உண்டு: அப்படி எழுதியது அவர்தான், மூட்டை அங்கே போய்ச் சேரவில்லை, அது தெரிந்தே எழுதினார். கூறு ஒன்றுக்கு ஒரு வரிசை. ஒவ்வொன்றுக்கும் நேராக ஆவணமும் பக்க எண்ணும், அதைச் சான்றாகக் குறியீடு செய்த சாட்சி, குறுக்கு விசாரணையில் அவர் சொன்னது, எதிர்த்தரப்பு விளக்கம், கடைசியாக உங்கள் முடிவு.

முதல் வரிசைக்கு இருப்புப் பதிவேடு போதும், கையெழுத்து தன்னுடையதுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இரண்டாவதில் பணி ஆய்வாளர் "மூட்டை வரவில்லை" என்கிறார். ஆனால் குறுக்கு விசாரணையில் அன்று தான் விடுப்பு என்கிறார். அப்புறம் அந்தக் கட்டத்தில் அவர் சொல் நிற்காது. வேலையிட வரவுப் பதிவேட்டை எழுதியவர் வந்து, அன்று வரவு இல்லை என்று சொன்னதால்தான் அது தேறியது. மூன்றாவது வரிசை காலி. சிமெண்ட் கேட்டு எழுதிய தேவைப் பட்டியலில் இருந்தது காப்பாளர் கையெழுத்து அல்ல, உதவியாளர் கையெழுத்து. லாரி போனதைக் காப்பாளர் பார்த்தாரா என்று யாரும் கேட்கவே இல்லை. ஆகவே "பகுதி நிரூபணம்", எந்தப் பகுதி என்றும் எழுத வேண்டும்.

ஆவணம் குற்றச்சாட்டுக் குறிப்பாணையின் இணைப்பிலேயே இருக்கிறதே. இருந்தாலே சான்றுதானே?

பாதி சரி. பதிவேடு ஒப்புக்கொள்ளப்பட்டால் சாட்சி தேவையில்லை. மறுத்தால், யாராவது வந்து பேசியாக வேண்டும். ரூப் சிங் நேகி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: ஆவணத்தைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாது, அதன் உள்ளடக்கம் நிரூபிக்கப்பட வேண்டும்.

நான் குற்றச்சாட்டுக்கு ஆளானவன். என் விஷயத்தில் விசாரணை அலுவலர் நிரூபணமாகவில்லை என்றார். மேலதிகாரி ஏற்காமல் தண்டனை கொடுத்துவிட்டார். அட்டவணை தப்பா?

அட்டவணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஐயா. மாறுபட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் எதனால் மாறுபடுகிறார் என்று முன்கூட்டியே சொல்லி உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். குஞ்ச் பிஹாரி மிஸ்ரா வழக்கின் 1998 தீர்ப்பைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள்.

முதற்கட்ட விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தவர் இறந்துவிட்டார். அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சாட்சிக் கட்டத்தில் எழுதாதீர்கள். ஆவணக் கட்டத்தில், "குறுக்கு விசாரணை இல்லை" என்ற குறிப்போடு எழுதுங்கள். அதை மட்டும் நம்பி ஒரு கூறு நிற்கலாமா என்பதில் என்னோடு வேலை பார்த்தவர்களே ஒத்துப்போகமாட்டார்கள். அப்படி ஒரு கூறையும் நான் நிறுத்தியதில்லை.