மகளின் முதல் வலைத்தளத்தில் எதையெல்லாம் எழுதக் கூடாது?

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் சொந்தமாக வெப்சைட் செய்கிறாள். வீட்டு முகவரி போடவில்லை, அது போதாதா?

போதாது. ஆளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் எதுவும் அடையாளத் தகவல்தான். சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பொதுவாக ஒரே கட்டடத்தைக் குறிக்கும். வீவக புளோக் ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஆக, யூனிட் எண்ணை மறைத்துவிட்டு அஞ்சல் குறியீட்டைப் போட்டால், எந்த மின்தூக்கிக்கு அருகில் நிற்கலாம் என்று சொல்லிவிட்டதாகவே அர்த்தம்.

இது புள்ளிக் கோலம் மாதிரி. கோடு இழுக்காவிட்டாலும், கோலம் தெரிந்தவருக்குப் புள்ளிகள் போதும். அவளுடைய பக்கத்தில் மூன்று புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: சீருடையோடு ஒரு படம், "செவ்வாய், வியாழன் பூப்பந்து இணைப்பாட நடவடிக்கை" என்ற வரி, "ஆறு மணி பஸ்ஸில் எப்பவும் தூங்கிடுவேன்" என்ற கிண்டல். சீருடை பள்ளியைக் காட்டிவிடும். மற்ற இரண்டும் அவள் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த வாசலில் தனியாக நிற்பாள் என்பதைச் சொல்லிவிடும். என்னைக் கேட்டால், முகவரியைவிட இந்த நேரக் கணக்குதான் அதிகம் பயமுறுத்துகிறது.

"பூப்பந்து பிடிக்கும்" என்று தாராளமாக எழுதட்டும். கிழமையும் நேரமும் வேண்டாம். அப்புறம், கைப்பேசிப் படத்தில் எடுத்த இடமும் பதிந்திருக்கலாம். படத்தின் விவரத்தைத் திறந்து வரைபடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

"பிறகு அழித்துக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அது அழியாது.