பரீட்சை ஃபீஸும் படிப்பு லீவும்: மேடத்துக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: ஐயா, கிண்டியில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில், இன்டர்னல் ஆடிட்டில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் சிஸ்டங்களை ஆடிட் செய்வதற்கான சி.ஐ.எஸ்.ஏ. பரீட்சை எழுத ஆசை. ஃபீஸை கம்பெனி கட்ட வேண்டும், படிக்க 15 நாள் லீவு வேண்டும் என்று மேனேஜர் மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். "என் குடும்பச் சூழ்நிலையில் இவ்வளவு பணம் கட்ட இயலவில்லை. டிசம்பருக்குள் சி.ஐ.எஸ்.ஏ. ஆகிவிடுவேன் என்று உறுதியளிக்கிறேன்" என்று முடித்திருக்கிறேன். அனுப்பலாமா? பாண்டு கேட்டால் கையெழுத்துப் போடலாமா?
பெயர் வேண்டாம், சென்னை-32

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் மேடம் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் இந்தப் பணத்தை அவர் தன் கைப்பையிலிருந்து எடுத்துத் தரப்போவதில்லை. உங்கள் மெயிலை அவர் ஹெச்.ஆருக்கு ஃபார்வேர்டு செய்வார், அங்கிருந்து அது ஃபைனான்ஸுக்குப் போகும். உங்களை ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒருவர் அங்கே உட்கார்ந்து அதைப் படிப்பார். குடும்பச் சூழ்நிலையைப் படித்தால் அவருக்கு இரக்கம் வரலாம். ஆனால் எந்தக் கணக்கில் இந்தச் செலவை எழுதுவது என்பது அதில் இல்லையே. மேடம் ஒரு வரியும் திருத்தாமல் மேலே தள்ளிவிடக்கூடிய கடிதமாக அது இருக்க வேண்டும்.

அதற்கான சரியான காரணம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது, நீங்கள்தான் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஐ.டி. நிர்வாகம், ரிஸ்க், கன்ட்ரோல் குறித்து ஒரு மாஸ்டர் டைரக்ஷன் வெளியிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வங்கிகளோடு, ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் அடுக்குகளில் மிடில் லேயரிலும் அதற்கு மேலும் உள்ள வங்கி சாரா நிதி நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். தகவல் அமைப்புகளை ஆடிட் செய்யத் தனிப் பிரிவு இருக்க வேண்டும், அல்லது இன்டர்னல் ஆடிட்டுக்குள்ளேயே அதற்கான தொழில் திறமை உள்ளவர்கள் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வெளி ஆளை வைத்து ஆடிட் செய்தாலும் பொறுப்பு உள்ளே இருப்பவர்களுடையதுதான். உங்கள் கம்பெனி எந்த லேயர் என்று கம்ப்ளையன்ஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். பொதுவாக, டெபாசிட் வாங்காத நிறுவனம் என்றால் 1,000 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சொத்து இருந்தால் மிடில் லேயர். டெபாசிட் வாங்கும் நிறுவனம் என்றால் அளவைப் பார்ப்பதில்லை. பொருந்துகிறது என்றால் கடிதத்தின் முதல் வரி அதுதான். அதற்குக் கீழே உள்ள பேஸ் லேயர் என்றால் இந்தக் காரணத்தைத் தொடாதீர்கள். அப்போது, வெளி ஐ.டி. ஆடிட்டருக்குக் கம்பெனி இப்போது கொடுக்கும் வேலையில் எதை நீங்கள் உள்ளேயே செய்து தர முடியும் என்று எழுதுங்கள்.

அடுத்து, "டிசம்பருக்குள் சி.ஐ.எஸ்.ஏ. ஆகிவிடுவேன்" என்ற வரி. அதை உடனே அடியுங்கள். பரீட்சையில் தேறுவது ஒன்று, பட்டம் கைக்கு வருவது வேறொன்று. பட்டத்துக்குத் தகவல் அமைப்பு ஆடிட், கன்ட்ரோல், செக்யூரிட்டி வேலையில் ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள். டிகிரிக்கும் மற்ற ஆடிட் அனுபவத்துக்கும் சலுகை உண்டு, அதிகபட்சம் மூன்று வருடம் வரை கழியும். உங்கள் நான்கு வருடத்தில் கிளைகளுக்குப் போய் நகைக்கடன் பாக்கெட்டையும் கேஷையும் சரிபார்த்த நாட்கள் எத்தனை, சிஸ்டத்தைச் சோதித்த நாட்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நல்லவேளை, அனுபவம் நிறையும் முன்பே பரீட்சை எழுதிவிடலாம். தேறிய பிறகு விண்ணப்பிக்க ஐந்து வருடம் அவகாசம் இருக்கிறது. ஆகவே, பரீட்சை எழுதும் மாதத்தை மட்டும் சொல்லுங்கள். இல்லையென்றால் ஜனவரியில் "சர்ட்டிஃபிகேட் எங்கே?" என்று ஹெச்.ஆர். கேட்கும்போது திருதிருவென முழிக்க வேண்டியிருக்கும்.

பணத்துக்கு வருவோம். பரீட்சைக் கட்டணம், அதை நடத்தும் ஐசாகா அமைப்பின் உறுப்பினருக்கு 575 டாலர், மற்றவருக்கு 760 டாலர். கடிதம் அனுப்பும் அன்று அவர்களுடைய தளத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 51,750 ரூபாய், 68,400 ரூபாய். வரியும் கார்டுக்கான அந்நியச் செலாவணிக் கட்டணமும் தனி. வித்தியாசம் 185 டாலர், அதாவது 16,650 ரூபாய். உறுப்பினர் சந்தாவை உங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, குறைந்த கட்டணத்தை மட்டும் கம்பெனியிடம் கேளுங்கள். ஃபைனான்ஸில் இருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும். தேறிய பிறகு பட்டத்துக்கு விண்ணப்பிக்க 50 டாலர், அதன்பின் வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் என்று செலவு தொடரும். அதையும் இப்போதே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால், மறைத்துவிட்டார் என்று பெயர் வரும்.

லீவைப் பணத்தோடு ஒரே வாக்கியத்தில் கட்டாதீர்கள். பணம் ஹெச்.ஆர். பட்ஜெட், லீவு மேடத்தின் கையில். ஒன்று மறுக்கப்பட்டால் மற்றதும் சேர்ந்து போய்விடக் கூடாது. தமிழ்நாட்டின் 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் சம்பளத்தோடு விடுமுறை, நோய் விடுப்பு, தற்செயல் விடுப்பு என்று தலா 12 நாள் தருகிறது. படிப்பு விடுப்பு என்று அதில் ஒன்றும் இல்லை. ஆக, உங்கள் ஹெச்.ஆர். பாலிசியில் என்ன இருக்கிறதோ அதுதான். அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

15 நாள் ஒரேயடியாகக் கேட்டால் எந்த மேனேஜரும் முதலில் யோசிப்பது "இவர் வேலையை யார் பார்ப்பது?" என்பதைத்தான். பரீட்சை 4 மணி நேரம், 150 கேள்வி. தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் என்று மூன்று மாதம் படித்தவருக்குக் கடைசியில் ஐந்து நாள் மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கக் கிடைத்தால் பெரிய விஷயம். படிக்காதவருக்கு 15 நாள் போதாது. எந்த ஐந்து நாள் என்பதில்தான் சாமர்த்தியம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் ஜூன் காலாண்டு முடிவு ஆகஸ்ட் 14-க்குள் வெளியாக வேண்டும், செப்டம்பர் காலாண்டு முடிவு நவம்பர் 14-க்குள். நடுவில் செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரம் ஆடிட் ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிடும் நேரம். அங்கே கேளுங்கள்.

ஆபீஸ் மெயில் ஆங்கிலத்தில்தான் போகும், தெரியும். விஷயம் இந்த வரிசையில் இருக்கட்டும்:

"மேடம், ரிசர்வ் வங்கியின் 2023 டைரக்ஷன்படி நம் ஆடிட் பிரிவிலேயே தகவல் அமைப்பு ஆடிட் தெரிந்தவர்கள் தேவை. அதற்காக நான் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் சி.ஐ.எஸ்.ஏ. பரீட்சை எழுத விரும்புகிறேன். உறுப்பினர் சந்தாவை நானே கட்டுகிறேன். பரீட்சைக் கட்டணம் 575 டாலரும் வரியும் கம்பெனி ஏற்க வேண்டுகிறேன். முதல் முறை தேறாவிட்டால் அடுத்த முறைக்கான கட்டணம் என்னுடையது. தேறிய பின் பட்டத்துக்கான விண்ணப்பக் கட்டணமும் வருடாந்திரக் கட்டணமும் உண்டு, அவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம். தேறிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் நானாக விலகினால் மீதி மாதங்களுக்கான பங்கைத் திருப்பித் தருகிறேன்.

தனியாக ஒரு வேண்டுகோள்: பரீட்சைக்கு முந்தைய வாரம் ஐந்து வேலை நாள் படிப்பு விடுப்பு. பரீட்சை நாளுக்கு என் சொந்த லீவை எடுத்துக்கொள்கிறேன். கையில் உள்ள மூன்று கிளை ஆடிட் ரிப்போர்ட்டையும் ஆகஸ்ட் 31-க்குள் முடித்துத் தருகிறேன். பரீட்சை முடிந்ததும், லோன் சாஃப்ட்வேரில் யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்ற சோதனையை, இப்போது வெளி ஆள் செய்வதை, நானே ஒரு காலாண்டு செய்து காட்டுகிறேன்."

அவ்வளவுதான். கடைசி வரியை உங்கள் ஆபீஸுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எடுத்துவிடாதீர்கள். பரீட்சைப் பாடத்தில் ஐந்து பகுதி உண்டு. சிஸ்டங்களை இயக்குவதும் தகவல் சொத்துகளைப் பாதுகாப்பதும் தலா 26 சதவீதம். அனுமதிச் சோதனை, பாதுகாப்புப் பகுதியில்தான் வருகிறது, அதனால் படிப்பதும் வேலையும் ஒரே பக்கம் போகும்.

பாண்டு கேள்விக்கு: கட்டாயம் கேட்பார்கள். அதனால்தான் நிபந்தனையை நீங்களே முதலில் எழுதுவது நல்லது. ஹெச்.ஆர். தன் பாட்டுக்கு அச்சடித்து வைத்திருக்கும் தாளில் "மூன்று வருடம், 2 லட்சம்" என்று இருக்கும். 52 ஆயிரம் ரூபாய் செலவுக்கு அது அநியாயம். மாதாமாதம் குறையும் கணக்கைக் கேளுங்கள். தேறி ஐந்து மாதம் கழித்துப் போனால் மீதி ஏழு மாதப் பங்கு, ஏறக்குறைய 30,200 ரூபாய், கட்டினால் போதும் என்கிற மாதிரி. கம்பெனியே உங்களை வேலையை விட்டு அனுப்பினால் ஒன்றும் தர வேண்டியதில்லை என்ற வரியும் வேண்டும். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

"பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது தம்பி" என்று டீக்கடையில் சீனியர் யாராவது சொல்வார். நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்று அதற்கு அர்த்தமில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி கோர்ட் பார்ப்பது நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதைத்தான், தாளில் எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. ஆனால் அந்த வாதத்தைச் செய்ய நீங்கள் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் பரீட்சை ஃபீஸைத் தாண்டிவிடும்.

முதலில் மேடத்திடம் பத்து நிமிடம் நேரில் பேசுங்கள், அன்றே மெயில் அனுப்பிவிடுங்கள். "தேறிய பிறகு பில்லைக் கொடுங்கள், தருகிறோம்" என்று பதில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது, பல கம்பெனிகளின் வழக்கம் அது. அப்போது மறுக்காமல், ஃபீஸுக்குச் சம்பள முன்பணம் கிடைக்குமா என்று கேளுங்கள். எது ஆனாலும் "சரி, அப்ரூவ்டு" என்று எழுத்தில் பதில் வரும்வரை ஐசாகாவுக்குப் பணம் கட்டாதீர்கள். பதிவுக் கட்டணத்தை அவர்கள் திருப்பித் தருவதில்லை.