மாதத்தின் நடுவில் சேர்ந்தவருக்கு எத்தனை நாள் சம்பளம்?

கேள்வி: 2025 ஜூலை 17 அன்று புதிய வேலையில் சேர்ந்தேன். மாதச் சம்பளம் 31,000 ரூபாய், ஞாயிறு மட்டும் விடுமுறை. சம்பளச் சீட்டில் பிடித்தங்களுக்கு முன்பே 13,000 ரூபாய்தான் இருக்கிறது. கேட்டால், "நீங்கள் வேலை பார்த்தது 13 நாள்தானே" என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. அவர்கள் சொல்லும் 13 நாள் உண்மைதான். 17 முதல் 31 வரையிலான 15 நாட்களில் 20, 27 ஆகிய இரண்டு ஞாயிறுகளைக் கழித்தால் 13 வரும். தவறு வகுத்த இடத்தில் நடந்திருக்கிறது. 31,000 ரூபாயை 31 ஆல் வகுத்து ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, அதை 13 ஆல் பெருக்கியிருக்கிறார்கள். வகுக்கும்போது ஞாயிறுகளைச் சேர்த்துவிட்டுப் பெருக்கும்போது அவற்றை விட்டுவிட்டதால், ஞாயிறுகளுக்கு உரிய பங்கு உங்கள் கையிலிருந்து நழுவிவிட்டது.

இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஜூலை 1 முதலே, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலை பார்த்த ஒருவருக்கு இதே முறையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாதத்தில் நான்கு ஞாயிறுகள் போக வேலை நாட்கள் 27. அப்படியானால் அவருக்கு 27,000 ரூபாய்தான் வரும். முழு மாதமும் உழைத்தவருக்கே முழுச் சம்பளம் தராத முறையைப் பாதி மாதத்துக்கு மட்டும் எப்படிப் பொருத்த முடியும்?

இரண்டு இடத்திலும் ஒரே வகை நாட்களை எண்ணினால் கணக்கு நேராகிவிடும். நாட்காட்டி நாட்களை எண்ணினால் 31 இல் 15 நாள், அதாவது 15,000 ரூபாய். வேலை நாட்களை மட்டும் எண்ணினால் 27 இல் 13 நாள், அதாவது ஏறத்தாழ 14,926 ரூபாய். இரண்டுக்கும் இடையே 74 ரூபாய்தான் வேறுபாடு. அதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை. சேரும் நாளைப் பொறுத்து இந்த வேறுபாடு திசை மாறவும் கூடும். நீங்கள் 21 ஆம் தேதி திங்கட்கிழமை சேர்ந்திருந்தால் நாட்காட்டி முறையில் 11,000 ரூபாயும், வேலை நாள் முறையில் 11,481 ரூபாயும் வந்திருக்கும். எந்த முறை என்பது நிறுவனத்தின் விருப்பம். ஆனால் ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறொன்று என்று இருக்கக் கூடாது.

சில இடங்களில் எல்லா மாதத்துக்கும் 26 என்றோ 30 என்றோ நிலையான எண்ணால் வகுப்பார்கள். 26 என்பது 1972 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் மாதச் சம்பளக்காரரின் 15 நாள் ஊதியத்தைக் கணக்கிடப் பயன்பட்ட எண். அங்கே அது பொருந்தியது. பகுதி மாதச் சம்பளத்துக்கு இந்த எண்களைக் கொண்டுவந்தால் ஓரங்களில் இடறும். 30 ஆல் வகுக்கும் இடத்தில், 28 நாள் கொண்ட பிப்ரவரியில் 2 ஆம் தேதி சேர்ந்தவருக்கு 27 நாள் சம்பளம் வரும். இழந்தது ஒரு நாள், பிடிக்கப்பட்டது மூன்று நாள். ஜூலையில் 2 ஆம் தேதி சேர்ந்தவருக்கோ அதே முறையில் முழுச் சம்பளமும் கிடைத்துவிடும்.

நானும் இந்தத் தவற்றைச் செய்தவன்தான். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கராக இருந்த முதல் ஆண்டில், வருகைப் பதிவேட்டில் இருந்த நாட்களை அப்படியே எடுத்துச் சம்பளத் தாளில் பெருக்கினேன். பழைய ஆட்களின் சம்பளம் நேரடியாக முழுத் தொகையாக ஏறிவிடும் என்பதால், புதிதாகச் சேர்ந்தவர்களின் வரிசையில் மட்டும் பிழை ஒளிந்திருந்தது; அவர்களும் புதியவர்கள் என்பதால் வாய் திறக்கவில்லை. பிறகு தாளில் இந்தச் சூத்திரத்தை வைத்தேன். B2 இல் மாதச் சம்பளம், C2 இல் சேர்ந்த தேதி.

```
=B2/DAY(EOMONTH(C2,0))*(EOMONTH(C2,0)-C2+1)
```

கடைசியில் உள்ள +1 ஐ விட்டுவிட்டால் சேர்ந்த நாளே கணக்கிலிருந்து விழுந்துவிடும்; 31 இலிருந்து 17 ஐக் கழித்து 14 என்று சொல்பவர்கள் செய்யும் பிழையும் அதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சம்பளச் சீட்டில் சம்பள நாட்கள் எத்தனை என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும், வகுத்த எண் எது என்பதையும் மனிதவளத் துறைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். அவர்கள் 13, 31 என்று பதில் எழுதினால், ஜூலை முழுவதும் வேலை பார்த்தவருக்கு இதே முறையில் எவ்வளவு வரும் என்று அடுத்த வரியில் கேளுங்கள். நாட்காட்டி முறைப்படி உங்களுக்கு வர வேண்டிய மீதி 2,000 ரூபாய். அதை அடுத்த மாதச் சம்பளத்தில் நிலுவைத் தொகையாகச் சேர்த்துத் தருவது வழக்கம்.