‘தற்போதைக்கு’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிறையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். போன வருடம் கிள்ளானிலிருந்து, குளிர் அறை கட்டித்தரும் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். எங்களுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் மரியாதைக்கு, “தற்போதைக்குத் தேவையில்லை, உங்கள் விவரங்களைக் கோப்பில் வைத்திருக்கிறோம், தேவைப்படும்போது அழைக்கிறோம்” என்று பதில் போட்டேன். அதிலிருந்து மாதம் ஒரு மின்னஞ்சல், நடுநடுவே போன். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஆரஞ்சுப் பெட்டியோடு கேட்டுக்கே வந்துவிட்டார். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஜாகாவை விட்டுச் சொல்ல வைத்தேன். மூன்று நாள் மனசு சரியில்லை. இதற்கெல்லாம் பதிலே போடாதே என்கிறார் மேலாளர். பதில் போடுவதா, விடுவதா? போட்டால், மனம் நோகாமல் எப்படி மறுப்பது? ஆங்கிலத்திலா, மலாயிலா? கடலுணவு ஏற்றுமதி செய்யும் தோழி ஒருத்தி இருக்கிறாள், அவள் நம்பரை அவருக்குக் கொடுக்கலாமா?

ஒரு வாசகி, பிறை

அன்புள்ள தங்கைக்கு,

மொழிக் கேள்வியைத் தள்ளிவிடுகிறேன். அவர் எதில் எழுதினாரோ அதில் எழுதுங்கள். ஆரஞ்சுப் பெட்டிக்குத்தான் எனக்குத் தூக்கம் போனது.

1988இல் எனக்கு இருபத்திரண்டு வயது. பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய அச்சகத்துக்கு ஆர்டர் பிடிக்கும் வேலை. பில் புத்தகம், டெலிவரி ஆர்டர், லெட்டர்ஹெட் எல்லாவற்றிலும் ஒவ்வொரு மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு காலை ஃபெரியில் தீவுக்குப் போவேன். அன்றைக்கு ஃபெரிக்குப் பட்டர்வொர்த் பக்கத்தில் மட்டும்தான் காசு. தீவிலிருந்து திரும்பி வருவது இலவசம். வெறுங்கையோடு வருகிறவனுக்கு அரசாங்கம் காட்டும் கருணை என்று நாங்கள் கேலி பேசிக்கொள்வோம்.

ஜார்ஜ்டவுன் கடற்கரை வீதியில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகம். அங்கே தலைமைக் கிராணி நம்மவர், தங்கமான மனிதர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். மாதிரிகளைப் புரட்டிப் பார்த்து, “தாள் நல்லா இருக்கு தம்பி. இப்போதைக்கு வேணாம், அடுத்த மாசம் வந்து பாரு” என்பார். ஏழு மாதம் போனேன். ஏழு டீ குடித்தேன். ஏழாவது தடவை படியிறங்கும்போது அங்கிருந்த பியூன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “ஏன்டா அலையிற? இங்க ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்க மாட்டாங்க. எல்லாப் பாரமும் சிங்கப்பூர் ஹெட் ஆபீஸ்ல அடிச்சு வருது” என்றார்.

அந்தக் கிராணிக்கு அது முதல் நாளே தெரியும்.

அதே வருடம் சூலியா வீதியில் ஒரு சீனர் கடை. அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு பில் புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டார். “என் தம்பி அச்சகம். உன்னிடம் எப்போதும் வாங்க மாட்டேன். வெயிலில் திரும்ப வராதே” என்று மலாயில் சொன்னார். முகம் சுட்டது. ஃபெரியில் வரும்போது அவரை மனதார வைதேன். ஆனால் அந்தக் கடைக்கு எனக்கு ஆன செலவு ஒரே ஒரு நடைதான்.

நீங்கள் அந்தக் கிராணி, தங்கையே. டீ வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்.

எங்கள் முதலாளியிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. நான் போய்வந்த இடமெல்லாம் அதில் ஏறும். ‘வேண்டாம்’ என்றால் சிவப்புக் கோடு, அந்தப் பெயர் செத்தது. ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்றால் கோடு போட விட மாட்டார். பக்கத்தில் அடுத்து போக வேண்டிய தேதியை எழுதுவார். இன்று அந்த நோட்டு மென்பொருளாகிவிட்டது, வழக்கம் மாறவில்லை. விற்பனைக்காரர்கள் வைத்திருக்கும் மென்பொருளில் தொடர் மின்னஞ்சல்களை முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைக்கலாம். நீங்கள் வாயே திறக்காவிட்டால் வரிசை முடியும்வரை ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். பதில் போட்டால் பெரும்பாலும் வரிசை தானாக நின்றுவிடும், அங்கே ஒரு மனிதர் உங்கள் பதிலைப் படிப்பார். படித்ததும் அவர் தேடுவது ஒன்றுதான்: கதவு பூட்டியிருக்கிறதா, வெறுமனே சாத்தியிருக்கிறதா? ‘தற்போதைக்கு’ என்றால் வெறுமனே சாத்தியிருக்கிறது. மூன்று மாதம் கழித்து ஒரு நினைவூட்டலைப் போட்டுக்கொள்வார். ‘கோப்பில் வைத்திருக்கிறோம்’ என்றால் இன்னும் நல்லது. அவர் உங்களைத் தொல்லை செய்யவில்லை. நீங்கள் எழுதியதை நம்பினார், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ‘அட் தி மொமெண்ட்’, மலாயில் ‘புவாட் மாசா இனி’, தமிழில் ‘தற்போதைக்கு’. நாம் அலுவலகத்தில் புழங்கும் மூன்று மொழிகளிலும் இந்தப் பொய்க்கு ஒரு சொல் உண்டு. பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலைக்குக் குளிர் அறை அடுத்த வருடமும் வேண்டாம், பத்து வருடம் கழித்தும் வேண்டாம். பிறகு எதற்கு அந்தச் சொல்? நோகக்கூடாதே என்றுதான் போட்டேன் என்பீர்கள். யாருக்கு நோகக்கூடாது? ‘இல்லை’ என்று எழுதும் அந்த அரை நிமிடம் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. நம் கூச்சத்துக்கான செலவை அடுத்தவன் பெட்ரோலில் போட்டுவிடுகிறோம்.

புறநானூற்றில் 196ஆவது பாட்டு ஆவூர் மூலங்கிழார் பாடியது. பரிசில் தராமல் இழுத்தடித்த பாண்டியனிடம் சொல்கிறார்: முடிந்ததை முடியும் என்பதும், முடியாததை இல்லையென்று மறுப்பதும், இரண்டுமே நட்பின் பாற்பட்டவை. முடியாததை முடியும் என்பதும், முடிந்ததை இல்லையென்பதும் கேட்டு வந்தவனை வாட்டுபவை. மறுப்பை நட்பின் பக்கத்தில் வைத்தாரே, அதைக் கவனியுங்கள். அந்தப் புலவரும் ஒரு நடை நடந்து வந்தவர்தான்.

சரி, எழுதுவது எப்படி என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம். குளிர் அறைகள் பற்றிய உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது, நன்றி. எங்கள் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் உறைகள் வார்க்கிறோம். குளிரில் வைக்க வேண்டிய மூலப்பொருளோ சரக்கோ எங்களிடம் இல்லை. அதனால் உங்கள் சேவை எங்களுக்குப் பயன்படாது. உங்கள் பட்டியலிலிருந்து எங்களை எடுத்துவிடலாம். தொழில் சிறக்க வாழ்த்துகள்.”

இவ்வளவுதான். ‘வருந்துகிறோம்’கூட வேண்டாம். தேவையில்லாததை மறுப்பதில் தவறு எதுவும் இல்லை.

இதில் உயிர் இருப்பது காரணத்தில். காரணம் உங்கள் தொழிலைப் பற்றியதாக இருக்க வேண்டும், அவர் சரக்கைப் பற்றியதாக இருக்கக்கூடாது. விலை அதிகம் என்றால் குறைத்துக்கொண்டு வருவார். பட்ஜெட் இல்லை என்றால் உங்கள் கணக்காண்டு எப்போது தொடங்குகிறது என்று கேட்பார். மேலாளர் ஒப்பவில்லை என்றால் மேலாளர் பெயரைக் கேட்பார். ஏற்கெனவே ஒருவரிடம் வாங்குகிறோம் என்பதுதான் இருப்பதிலேயே மோசம். யாரிடம், என்ன விலைக்கு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பேச்சு வளரும். வாய்தவறி ஒன்றைச் சொன்னால் அது உங்கள் கம்பெனி ரகசியம். நானே இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டுப் பிழைத்தவன், அதனால் சொல்கிறேன். ஆனால் ‘குளிரில் வைக்க எங்களிடம் ஒன்றுமில்லை’ என்பவரிடம் எந்த விற்பனைக்காரனும் அடுத்த கேள்வி கேட்க முடியாது. அவனே சிவப்புக் கோடு போட்டுவிடுவான்.

‘தற்போதைக்கு’ சில நேரம் உண்மையாகவும் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அட்டைப்பெட்டி விற்பவர் எழுதியிருந்தால், பெட்டி நீங்கள் வாங்கும் பொருள்தான். அப்போது மாதத்தைச் சொல்லிவிடுங்கள்: “அக்டோபரில் விலை கேட்போம், அதற்கு முன் வேண்டாம்.” தேதி போட முடியாத ‘தற்போதைக்கு’ எல்லாம் டீதான்.

உங்கள் மேலாளர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் போட்டால் கொள்முதல் வேலை நடக்காது. “அன்புள்ள ஐயா அல்லது அம்மையீர்” என்று ஊருக்கெல்லாம் அனுப்பியதற்குப் பதில் தேவையில்லை. கேட்காத கோட்டேஷனை ‘ஜிப்’ கோப்பாக இணைத்து அனுப்பியிருந்தாலோ, அனுப்பியவரின் முகவரியும் கம்பெனிப் பெயரும் ஒட்டாமல் இருந்தாலோ, திறக்கவும் வேண்டாம், கீழே இருக்கும் ‘பட்டியலிலிருந்து நீக்கு’ இணைப்பைத் தொடவும் வேண்டாம். தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். உங்கள் பெயரைப் போட்டு, கம்பெனியைப் பற்றி ஒரு வரியாவது தெரிந்து, ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருந்தால் ஒரு பதில். ஒன்றே ஒன்று. கிள்ளான்காரர் உங்கள் தொழிலைச் சரியாகப் பார்க்காமல் எழுதியது அவர் பிழை. ஆனால் எழுதியது மனிதர்.

தெளிவாக மறுத்த பிறகும் விடாமல் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 43ஆவது பிரிவின்படி, நேரடி விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதே என்று எழுத்தில் கேட்கலாம். உங்கள் ஆளுக்கு அது வேண்டியிருக்காது. அவரிடம் இதுவரை யாரும் ‘இல்லை’ என்றே சொல்லவில்லையே.

தோழியின் நம்பரை அவளைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவளுக்கும் மாதம் ஒரு மின்னஞ்சல். கடலுணவுக்காரிக்குக் குளிர் அறை உண்மையிலேயே வேண்டியிருக்கலாம், இன்றைக்கே அவளுக்குப் போன் போடுங்கள். சரியென்றால் மேலே உள்ள கடிதத்தில் ஒரு வரி கூடும். மாட்டேன் என்றால் அவரிடம் அவளைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

நாளைக் காலை அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். அவருடைய நோட்டில் உங்கள் பெயருக்கு எதிரே இப்போதும் ஒரு தேதி இருக்கும். “அன்று கேட்டில் உங்களைச் சந்திக்காமல் திருப்பி அனுப்பியது என் தவறு” என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிள்ளானிலிருந்து பிறைக்கு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், தங்கையே.

ஆரஞ்சுப் பெட்டி என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. ஜாகாக்கள் சாப்பிட்டிருந்தால் அதற்கும் ஒரு நன்றி போடுங்கள்.