ஒப்பந்தத்தில் ஏன் அந்த நிமிட டாலர் விலையைப் போடாமல் ‘எஃப்பிஐஎல் ரெஃபரன்ஸ் ரேட்’ என்று போடுகிறார்கள்?

எஃப்பிஐஎல் என்பது ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா என்ற நிறுவனம். அது நாளுக்கு ஒருமுறை, ஒரே முறைப்படி கணக்கிட்டு எல்லாருக்கும் அறிவிக்கும் டாலர்–ரூபாய் விலை இது. காலை 11.30 முதல் 12.30 வரையிலான ஒரு மணி நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு 15 நிமிடத்தை எடுத்து, அப்போது வங்கிகளுக்கிடையே நடந்த வியாபாரங்களின் சராசரியைப் பகல் 1.30 மணி வாக்கில் வெளியிடுவார்கள்.

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலை ஒன்றுக்கு 50,000 டாலர் பாக்கி வர வேண்டும், அதை அன்றைய டாலர் மதிப்பில் ரூபாயாகத் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 11.40க்கு 83.20 ரூபாய், 12.10க்கு 83.35. இந்த 15 காசில் 7,500 ரூபாய் வித்தியாசம். பணம் கொடுப்பவர் முதல் விலையையும் பணம் பெறும் ஆலை இரண்டாவதையும் காட்டினால் இருவர் சொல்வதும் உண்மைதான், வழக்குத்தான் தீராது. தருமபுரி பட்டுக்கூடு ஏலத்தில் குவியலுக்குக் குவியல் விலை மாறும். கடனை ‘அன்றைய சராசரி விலைக்கு’ என்று பேசிக்கொண்டால் எந்தக் குவியல் என்ற சண்டை வராது, அதுபோலத்தான்.

வெளிநாட்டுப் பங்கு வைத்திருக்கும் ஃபண்டுகளுக்கும் இதே தேவை. ஒரே நாளில் பணம் போடுபவருக்கும் எடுப்பவருக்கும் ஒரே மாற்று விலை வேண்டும். எந்த 15 நிமிடம் என்று தெரியாததால், ஒரு பெரிய ஆர்டரை வைத்து விலையைத் தள்ளிவிடுவதும் கடினம்.

பலர் நினைப்பதுபோல, இந்த விலைக்கே வங்கி உங்கள் டாலரை வாங்கியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. கவுண்டரில் வங்கி தன் லாபத்தைக் கழித்துத் தனி விலை சொல்லும்.