தரைத்தள வீட்டுக்கு லிஃப்ட் செலவில் எவ்வளவு பங்கு?

கேள்வி: தரைத்தளம் உட்பட நான்கு தளங்கள், தளத்துக்கு நான்கு வீடுகள் கொண்ட குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கிறேன். மொட்டை மாடிக்குப் போக எப்போதாவது லிஃப்டில் ஏறுவதோடு சரி. ஆனால் லிஃப்ட் பராமரிப்பையும் ஜெனரேட்டர் டீசலையும் பதினாறு வீடுகளுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். நான் குறைவாகக் கொடுப்பதுதானே நியாயம்?

பதில்: லிஃப்டில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். டீசலில் அநேகமாக உங்கள் கட்சி நிற்காது.

லிஃப்ட் செலவின் பெரும்பகுதி அது ஓடினாலும் நின்றாலும் வருவது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், காப்பீடு, பாதுகாப்புச் சோதனை ஆகியவற்றுக்கான தொகை யார் எத்தனை முறை ஏறினார்கள் என்று பார்ப்பதில்லை. ஓட்டத்தோடு நேரடியாகக் கூடுவது மின்சாரம். (தேய்மானமும் கூடும், அதை வீடுவாரியாக யார் அளப்பது?) எனவே லிஃப்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாதச் செலவு 100 பங்கு, அதில் மின்சாரம் 20 என்று வைத்துக்கொள்வோம். நிலையான 80 பங்கைப் பதினாறு வீடுகளுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 5. மின்சாரத்தை மேல்தளத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டும் ஏற்றால், அவர்களுக்கு ஏறத்தாழ 6.67 ஆகும். சமமாகப் பிரித்தபோது எல்லோருக்கும் 6.25. ஆக, உங்களுக்குக் குறைவது ஐந்தில் ஒரு பங்கு. அவர்களுக்குக் கூடுவது பதினைந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைக் கூட்டத்தில் தாளில் எழுதிக் காட்டினால் மேல்தளத்தார் பெரிதாக முரண்டு பிடிக்க மாட்டார்கள். கயிறு, கட்டுப்பாட்டுப் பலகை போன்றவற்றை மாற்றும் செலவில் மட்டும் விலக்கு கேட்காதீர்கள். லிஃப்ட் பொதுச் சொத்து. வீட்டை விற்கும்போது உங்கள் பத்திரத்திலும் அதன் பங்கு போகிறது.

டீசல் கதை வேறு. மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் தண்ணீர் மோட்டாரையும் படிக்கட்டு விளக்குகளையும் சேர்த்துத்தான் ஓட்டுகிறது. லிஃப்டோ விட்டு விட்டு ஓடுவது. தவிர, எஞ்சின் கால் பங்குச் சுமையில் ஓடினாலும் முழுச் சுமையில் குடிக்கும் டீசலில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் குடித்துவிடும். லிஃப்டை யாரும் தொடாத இரவிலும் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். வீடுகளுக்குள்ளும் ஜெனரேட்டர் இணைப்பு இருந்தால் அவரவருக்கு ஒதுக்கிய சுமைப்படி பிரிக்கலாம். தளத்தை வைத்து அல்ல.

டீசலில் நீங்கள் கேட்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை. ஜெனரேட்டரில் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கும். ஒரு மாதம் 20 மணி நேரத்துக்கு 100 லிட்டர், மறுமாதம் அதே 20 மணிக்கு 140 லிட்டர் என்றால், சுமை கூடியிருக்க வேண்டும், அல்லது ஒழுக்கோ திருட்டோ இருக்க வேண்டும். அதைப் பிடித்தால் பதினாறு வீட்டுக்கும் மிச்சம்.

புதிய பங்கீட்டைப் பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அதுவரை பழைய தொகையை முழுதாகக் கட்டிவிடுங்கள். நிலுவை வைத்தால் பேச்சு உங்கள் பாக்கியைப் பற்றியதாகத் திரும்பிவிடும்.